கழுத்தில் நெறிக்கட்டி: ஊசி டெஸ்ட் எடுத்த பிறகும் ஏன் பயாப்ஸி?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. இடது கழுத்தில், காதுக்குக் கீழே கொஞ்சம் பின்பக்கமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இரண்டரை மாதமாக இருக்கிறது. வலி இல்லை. சாயங்காலத்தில் லேசாகக் காய்ச்சல் வருகிறது, 52 கிலோ இருந்தவள் 48 ஆகிவிட்டேன். ஆன்டிபயாடிக் இரண்டு தடவை சாப்பிட்டும் குறையவில்லை. ஊசி போட்டு எடுத்த டெஸ்டில் 'ரியாக்டிவ்' என்று போட்டு, கீழே 'எக்சிஷன் பயாப்ஸி செய்யவும்' என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இது டிபியாகத்தான் இருக்கும், மாத்திரை ஆரம்பித்துப் பார்ப்போம் என்கிறார். பெரியம்மா, கத்தி வைத்தால் பரவிவிடும் என்று அழுகிறார். தை மாதம் கல்யாணம், இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா? பயாப்ஸி என்றால் என்னதான் செய்வார்கள்? தூக்கமே வருவதில்லை.

பதில்: தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமோ அடுத்த வாரமோ செய்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அந்த ரிப்போர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'ரியாக்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து வீட்டில் பாதிப் பேர் நிம்மதியாகியிருப்பார்கள், கடைசி வரியைப் பார்த்து மீதிப் பேர் பயந்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு, நெறிக்கட்டி எதற்கோ எதிர்வினையாக வீங்கியிருக்கிறது, எடுத்த செல்களில் கெட்டது எதுவும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். பல்லில் சீழ், தலையில் புண், தொண்டை வலி என்று வரும்போது கழுத்தில் நெறி கட்டுமே, அதுவும் ரியாக்டிவ்தான். ஆனால் அப்படி வந்தது இரண்டு மூன்று வாரத்தில் அடங்கத் தொடங்க வேண்டும். உங்களுடையது பத்து வாரம் தாண்டிவிட்டது, கூடவே காய்ச்சலும் நாலு கிலோ இழப்பும் இருக்கிறது. ஸ்லைடில் தெரிந்ததும் உங்கள் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகவில்லை. அதைப் புரிந்துகொண்டுதான் அந்த நோய்க்குறியியல் மருத்துவர் கடைசி வரியை எழுதியிருக்கிறார். நல்ல டாக்டர், தன் ஊசியின் எல்லை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஊசிக்கு என்ன எல்லை? வாசலில் போட்ட கோலத்திலிருந்து ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி எடுத்து ஒருவரிடம் கொடுத்தால், இது பச்சரிசி மாவா கல் மாவா என்று சொல்லிவிடுவார். எத்தனை புள்ளி, சிக்குக் கோலமா, இழை எங்கே பிசகியது என்று கேட்டால் எப்படிச் சொல்வார்? உங்களுக்கு எடுத்த ஊசி டெஸ்ட், எஃப்.என்.ஏ.சி என்பது, அந்தச் சிட்டிகை மாவு. மெல்லிய ஊசி வழியாக வருவது தனித்தனிச் செல்கள்தான். வாயில் அல்லது தைராய்டில் தொடங்கிய புற்றுநோய் கழுத்துக்கு வந்திருந்தால் அந்தச் செல்களின் முகமே காட்டிக்கொடுத்துவிடும், ஊசியே பெரும்பாலும் போதும். டிபியில் சீழ் வந்து அதில் கிருமியும் தெரிந்துவிட்டால் அப்போதும் போதும். ஆனால் நெறிக்கட்டியிலேயே தொடங்குகிற நோய்களில் கோளாறு கோலத்தில் இருக்கிறது, எந்த வகைச் செல் எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதில். அதைப் பார்க்க முழுக் கோலமும் வேண்டும், அதாவது ஒரு நெறிக்கட்டி முழுசாக, அதன் மேலுறையோடு.

குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹாட்கின் லிம்ஃபோமா என்று ஒரு நோய், நெறிக்கட்டியிலேயே தொடங்குகிற ஒரு புற்றுநோய், உங்கள் வயதுக்காரர்களுக்கு வரக்கூடியது. அதில் கட்டிக்குள் இருக்கிற உண்மையான நோய்ச் செல்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்று இருந்தாலே அதிகம். மீதி எல்லாம் அதைச் சுற்றிக் கூடி நிற்கிற சாதாரண வெள்ளை அணுக்கள், தெருவில் சண்டை நடந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமே அதுபோல. ஊசி அந்தக் கூட்டத்தில் நாலு பேரை அள்ளிக்கொண்டு வந்தால் ரிப்போர்ட் 'ரியாக்டிவ்' என்றுதான் வரும். பொய்யில்லை, எடுத்தவர்கள் எல்லோரும் அப்பாவிகள்தான். உங்களுக்கு ஹாட்கின் என்று நான் சொல்லவில்லை, ஊசி 'இல்லை' என்று சொன்னதை ஏன் அப்படியே நம்ப முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அந்தத் தெரிந்த டாக்டர் சொல்வது தப்பா? ஊகம் தப்பில்லை. நம் ஊரில் இந்த வயதில், இத்தனை வாரமாகக் கழுத்தில் நிற்கிற நெறிக்கட்டிக்கு முதல் சந்தேகம் டிபி மேல்தான் விழும், என்னைப் பந்தயம் கட்டச் சொன்னாலும் அதில்தான் கட்டுவேன். நம் முன்னோர்கள் இதற்குக் கண்டமாலை என்று பெயரே வைத்திருக்கிறார்கள், கழுத்தைச் சுற்றி மாலை கோத்த மாதிரி வருவதால். ஆனால் ஆறு மாத மருந்தைப் பந்தயம் கட்டி ஆரம்பிக்கக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. ரத்தத்தில் பார்க்கிற ஈ.எஸ்.ஆர் இரண்டிலும் ஏறும். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ டெஸ்ட் நம் ஊரில் பாசிட்டிவாக வந்தால் டிபி கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், இந்தக் கட்டி டிபி என்று ஆகிவிடாது.

இந்தக் குழப்பம் பழையது. 1898இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்ற மருத்துவர் இந்த லிம்ஃபோமாவின் விசித்திரச் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து விவரமாக எழுதினார், எழுதிவிட்டு இது டிபியின் ஒரு வகை என்று முடிவு கட்டினார். அவருடைய நோயாளிகளில் பலருக்கு டிபியும் சேர்ந்தே இருந்ததால் வந்த வினை. 1902இல் அமெரிக்காவில் டோரதி ரீட் என்ற இளம் மருத்துவர்தான் இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். அந்தச் செல்லுக்கு இன்றைக்கும் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. அதை ஆராய்ந்து விவரித்தவரே ஏமாந்த இடம் இது, கழுத்தைத் தடவிப் பார்த்து முடிவு சொல்கிற நாங்கள் ஏமாறாமல் இருப்போமா?

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 31 வயது, லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. வேறொரு ஊரில் ஊசி டெஸ்ட் எடுத்து, 'கிரானுலோமா' என்று வந்ததால் டிபி மருந்து ஆரம்பித்திருந்தார்கள். கிரானுலோமா என்பது எதிர்ப்பு அணுக்கள் ஒன்றாகத் திரண்ட சின்ன முடிச்சு, அதைப் பார்த்தால் டிபி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வோம், ஆனால் அது ஹாட்கினிலும் வரலாம். முதல் இரண்டு மாதம் கட்டி அப்படியே இருந்தது. மூன்றாம் மாதம் பெருத்தது. டிபி மருந்து சாப்பிடும்போது, மருந்து நன்றாக வேலை செய்தாலும்கூட, சிலருக்கு நெறிக்கட்டி முதலில் பெருக்கும், கிருமி சாவதால் உடம்பு காட்டுகிற எதிர்ப்பு அது. அதனால் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நாலாம் மாதம் அக்குளிலும் ஒன்று வந்தது. இப்போது மூன்று கேள்வி: இது அந்த எதிர்ப்பு வீக்கமா, மருந்துக்கு அடங்காத டிபியா, டிபியே இல்லையா? ஆரம்பத்தில் ஒரு துண்டு சதை கையில் இருந்திருந்தால் இந்த மூன்றில் இரண்டு எழுந்தே இருக்காது. ஐந்தாம் மாதம் என்னிடம் வந்தார், கழுத்திலிருந்து ஒரு நெறிக்கட்டியை முழுசாக எடுத்துப் பார்த்தோம், ஹாட்கின். சிகிச்சை எடுத்து இன்று நன்றாக இருக்கிறார், முழுக் குணத்துக்கு நல்ல வாய்ப்பு உள்ள புற்றுநோய் அது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் நோய் மேலே கழுத்தில் மட்டும் இருந்ததிலிருந்து வயிற்றுக்குள் வரை இறங்கிவிட்டது, கீமோ சுற்றுகள் கூடிவிட்டன.

டிபி மருந்து மிட்டாய் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று. ஈரலைப் பாதிக்கலாம், கண்ணைப் பாதிக்கலாம். அதில் ஒன்றான ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும், புதிதாகக் கல்யாணம் ஆகிறவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, அது நல்ல செய்தி. கிகுச்சி நோய் என்று ஒன்று, 1972இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது, ஆசியாவில் இளம் பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம். கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் வரும், எடை குறையும், அப்புறம் சில மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். மருந்தே பெரிதாக வேண்டாம். ஆனால் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல பயாப்ஸி வேண்டும். இது தெரியாமல் ஆறு மாதம் டிபி மருந்து சாப்பிட்டு, மருந்தால்தான் குணமானது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பெரியம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவரைக் கிண்டல் பண்ண மாட்டேன், அந்தப் பேச்சு காற்றில் வந்ததில்லை. டிபி நெறிக்கட்டியை முழுசாக எடுக்காமல் நடுவில் கீறிவிட்டு வந்தால் அந்தக் கீறல் ஆறாமல், மாதக்கணக்கில் சீழ் கசிந்துகொண்டே இருக்கும். மருந்தில்லாத காலத்தில் இதைப் பார்த்தவர்கள் 'கத்தி பட்டால் ஆறாது' என்று சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்று கீறுவதில்லை, உறையோடு முழுசாக எடுக்கிறோம். லிம்ஃபோமாவாக இருந்தால், அது வெள்ளை அணுக்களின் நோய், அந்த அணுக்கள் இயல்பிலேயே உடம்பு முழுக்கச் சுற்றுகிறவை, ஒரு கட்டியை எடுத்ததால் புதிதாக எங்கேயும் போய்விடாது. கத்தி வைக்க யோசிக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு: ஐம்பது வயதுக்காரர், புகையிலை போடுகிறவர், கழுத்தில் கல் மாதிரி கெட்டியான கட்டி. அவருக்கு முதலில் வாய், தொண்டை முழுக்க ஸ்கோப் வைத்துப் பார்த்து ஊசி டெஸ்ட்தான் செய்ய வேண்டும், அவசரப்பட்டுக் கழுத்தைத் திறந்தால் பின்னால் செய்யப்போகிற பெரிய ஆபரேஷன் சிக்கலாகும். உங்கள் வயது, ஊசி டெஸ்டில் அப்படிப்பட்ட செல் எதுவும் இல்லாதது, இரண்டையும் பார்த்தால் நீங்கள் அந்த வகையில் இல்லை.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வீக்கம் குறைய என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பயாப்ஸி முடியும்வரை சாப்பிடாதீர்கள். லிம்ஃபோமா இருந்தால் ஸ்டீராய்டில் கட்டி சட்டென்று சுருங்கும், எல்லோரும் சந்தோஷப்படுவோம், பிறகு எடுத்துப் பார்த்தால் சிதைந்த செல்தான் இருக்கும், எதுவும் சொல்ல முடியாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் சீட்டுகளையும் எடுத்துப்போங்கள், லெவோஃப்ளாக்சசின் மாதிரிச் சில மருந்துகள் டிபி கிருமியையும் பாதி அமுக்கி வைக்கும், டெஸ்டில் கிருமி கிடைக்காமல் போகலாம்.

இப்போது அன்று என்ன நடக்கும் என்று பார்ப்போம். அறுவை மருத்துவரோ காது மூக்குத் தொண்டை மருத்துவரோ செய்வார். முந்தின நாட்களில் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தட்டணுக்கள், ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, மஞ்சள் காமாலை, உங்கள் சம்மதத்தோடு எச்.ஐ.வி எல்லாம் பார்ப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். எதற்கு என்றால், நுரையீரலில் டிபி இருக்கிறதா என்று பார்க்க மட்டுமல்ல, நெஞ்சுக்கு நடுவிலும் இதே மாதிரி நெறிக்கட்டிகள் பெருத்திருந்தால் முழு மயக்கம் கொடுப்பது ஆபத்தாகலாம். மல்லாந்து படுத்தால் இருமலோ மூச்சுத் திணறலோ வருகிறது என்றால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டியிருக்காது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி மட்டும் சுருக்கென்று எரியும், பல் பிடுங்கப் போனபோது ஈறில் போட்டார்களே அதே மருந்துதான். அப்போது ஏதாவது ஒவ்வாமை வந்திருந்தால் சொல்லுங்கள். தலையை வலப்பக்கம் திருப்பி, முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டுவிடுவார்கள், பலருக்கு வலியைவிட அந்தத் துணிதான் பயம், மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், செய்வார்கள். தோலில் இயல்பாக இருக்கிற மடிப்புக் கோட்டிலேயே மூன்று சென்டிமீட்டர் அளவில் கீறல். அதற்குப் பிறகு வலி தெரியாது, ஆனால் இழுப்பது, அழுத்துவது தெரியும், ரத்தக் குழாயைச் சுடும் கருவியின் சத்தமும் லேசாகத் தீய்ந்த வாசனையும் வரும். முன்கூட்டியே தெரிந்தால் அது பயமுறுத்தாது. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், சொன்னால் இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி, கட்டி ஆழத்தில் இருந்தால் கொஞ்சம் கூடுதல். இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு. கூட ஒருவர் வரட்டும், ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே உண்மையான கவலை, கட்டி இருக்கும் இடம். கழுத்தின் பின் பக்கவாட்டில் தோலுக்கு அதிக ஆழமில்லாமல் ஒரு நரம்பு ஓடுகிறது, தோளைத் தூக்குகிற தசைக்குப் போவது. அது அடிபட்டால் தோள் சரியும், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னல் போடுவது கஷ்டமாகிவிடும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிற இடம் இதுதான். அதனால் 'சின்னக் கட்டிதானே' என்று அனுபவமில்லாத கையில் கொடுக்க வேண்டாம், செய்யப்போகிறவரிடமே 'அந்தத் தோள் நரம்பு பக்கத்தில் இருக்குமா டாக்டர்?' என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்கிறவர் என்றால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். கட்டி நரம்போடு ஒட்டி இருக்கிறது என்று தோன்றினால், அவர் அல்ட்ராசவுண்டில் பார்த்து வேறு ஒரு நெறிக்கட்டியைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ஸ்கேன் பார்த்துக்கொண்டே பென்சில் ஈயம் போல மெல்லிய சதைத் துண்டுகளை எடுக்கும் தடித்த ஊசி பயாப்ஸி செய்யலாம். கோலத்தில் ஒரு பட்டை மட்டும் கிடைப்பது மாதிரி, சில நேரம் அது போதும், போதாவிட்டால் முழுசாக எடுக்க வேண்டிவரும்.

மற்றபடி, கீறல் ஓரத்தில் காது மடலின் கீழே கொஞ்சம் மரத்த மாதிரி சில வாரம் இருக்கலாம். அன்றிரவு கட்டு முழுக்க ரத்தத்தில் நனைந்தாலோ, கழுத்து விறுவிறுவென்று வீங்கினாலோ, மூச்சு விடக் கஷ்டமானாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஐந்தாறு நாளில் தையல் பிரிப்பார்கள். ஒரு நெறிக்கட்டியை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறையுமா என்று அடுத்த கேள்வி வரும், கழுத்தில் மட்டும் அந்த மாதிரி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒன்றுக்கு உடம்பு கணக்குப் பார்க்காது.

எடுத்த சதை எங்கே போகிறது என்பதில்தான் நான் உங்களைக் கொஞ்சம் தொந்தரவு பண்ணப்போகிறேன். அது இரண்டு பாட்டிலில் போக வேண்டும். ஒன்றில் ஃபார்மலின், அது சதையை அப்படியே பாடம் பண்ணி மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்யும், கோலம் பார்ப்பது அதில்தான். ஆனால் ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும், அப்புறம் அதை வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு சின்னத் துண்டு வெறும் சலைனில், கிருமி நீக்கிய பாட்டிலில், அன்றே டிபி லேபுக்குப் போக வேண்டும். அங்கே சிபிநாட் என்ற டெஸ்ட் சில மணி நேரத்திலேயே டிபி கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் அதற்குக் கேட்குமா என்று சொல்லிவிடும். அரசு டிபி மையங்கள் வழியாக இது இலவசம். அதே துண்டைக் கல்ச்சருக்கும் வைப்பார்கள், அதற்கு ஆறு வாரம்வரை ஆகலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறேன். பல வருடம் முன்னால், ஒரு கல்லூரி மாணவிக்கு பயாப்ஸி எழுதிக் கொடுத்தேன், சீட்டில் 'நெறிக்கட்டி பயாப்ஸி' என்று மட்டும் எழுதினேன், இரண்டு பாட்டில் என்று எழுதவில்லை. மொத்தமும் ஃபார்மலினில் போய்விட்டது. ரிப்போர்ட் டிபி என்றே வந்தது, மருந்து ஆரம்பித்தோம், இரண்டு மாதத்தில் கட்டி உடைந்து சீழ் வந்தது, அந்தச் சீழை எடுத்து டெஸ்ட் செய்தபோதுதான் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி என்று தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. அன்றிலிருந்து என் சீட்டில் பாட்டில் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதி வட்டமும் போடுகிறேன். நீங்கள் தியேட்டருக்குள் போகும் முன் நர்ஸிடமோ டாக்டரிடமோ 'சலைன் பாட்டில் ஒன்று டிபி டெஸ்டுக்குத் தனியாக உண்டுதானே சிஸ்டர்?' என்று கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் காத்திருக்கும் காலம், எல்லாவற்றையும்விடக் கொடுமை அதுதான். சிபிநாட் ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். டிபி என்று வந்தால் அநேகமாக அதுவேதான், ஆனாலும் சதை ரிப்போர்ட்டையும் பார்த்தே முடிவு செய்வோம். சிபிநாட் 'இல்லை' என்று வந்தாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது, நெறிக்கட்டியில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், டெஸ்டுக்குச் சிக்காமல் போகலாம். சதை ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் அதில் 'ஐ.எச்.சி தேவை' என்று வரும். அந்த வரியைப் பார்த்துக் கூகுளைத் திறந்து ராத்திரி முழுக்க அழுதவர்கள் என் கிளினிக்கில் பலர். ஐ.எச்.சி என்றால் செல்களுக்குச் சாயம் போட்டு, எந்த வகைச் செல் என்று அடையாளம் பார்ப்பது. ஹாட்கின் என்று சந்தேகம் வந்தால் சிடி15, சிடி30 போன்ற அடையாளங்களைத் தேடுவார்கள். லிம்ஃபோமாவை உறுதி செய்யவும் இது வேண்டும், லிம்ஃபோமா இல்லை என்று சொல்லவும் இதுவே வேண்டும், கிகுச்சியிலும் கேட்பார்கள். இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம், ஒன்றும் இல்லாமலும் முடியலாம்.

கல்யாணக் கணக்கையும் போட்டுவிடுவோம். இந்த வாரம் செய்தால் மூன்று வாரத்துக்குள், இழுத்தால் ஒரு மாதத்தில் பெயர் தெரிந்துவிடும். டிபி என்றால் தைக்குள் மருந்தின் முதல் இரண்டு மாதத்தை முடித்திருப்பீர்கள் அல்லது முடிக்கப்போவீர்கள், எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தால் நெறிக்கட்டி டிபி பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது, கல்யாணத்துக்குத் தடையும் இல்லை. கிகுச்சி என்றால் தானாகவே அடங்கிக்கொண்டிருக்கும். லிம்ஃபோமா என்றால் தேதியைப் பற்றிப் பேச வேண்டிவரும், கீமோவுக்கு முன் கருமுட்டையைப் பாதுகாப்பது பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும், ஆனால் அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்துகொள்வதில் யாருக்கு என்ன லாபம்? மாப்பிள்ளை வீட்டில் எப்போது என்ன சொல்வது என்பது உங்கள் குடும்ப விஷயம், என் அபிப்பிராயம் கேட்டால் மாப்பிள்ளையிடமாவது நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

தழும்பு இருக்கும், இல்லவே இல்லை என்று ஏமாற்ற மாட்டேன். மூன்று மாதத்தில் மெல்லிய சிவந்த கோடாக இருக்கும், காதுக்குக் கீழே பின்பக்கம் என்பதால் தலைமுடிக்கும் ஜிமிக்கிக்கும் பின்னால் போய்விடும், நிறம் மங்க ஒரு வருடம் ஆகும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்படிப்பட்ட தோலுக்குத் தையலிலிருந்தே வேறு கவனிப்பு தேவை.

கடைசியாக ஒரு விஷயம், பெரும்பாலானவர்கள் கேட்டு வாங்காதது. ரிப்போர்ட் காகிதத்தோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக லேபில் வைத்திருப்பார்கள், பிளாக் என்று சொல்வார்கள், அதிலிருந்து வெட்டிய ஸ்லைடுகளும் இருக்கும். நாளைக்கு வேறு இடத்தில் இரண்டாவது கருத்து வேண்டும் என்றாலோ கூடுதல் சாயம் போட வேண்டும் என்றாலோ அது கையில் இருந்தால் மறுபடி கழுத்தைக் கீற வேண்டியதில்லை. ரிப்போர்ட் வாங்கும்போதே ரசீது எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளாக்கை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கேட்டால் கொடுப்பீர்களா என்று கேட்டு வையுங்கள். வாங்கினால் வெயில் படாத அலமாரியில் வையுங்கள், சித்திரை வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வைத்து உருக்கிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.